ஐம்பது லட்சத்துக்குக் கால் சதவீதம்: ஒரு பத்திரமும் நான்கு விடைகளும்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியை அரசிடம் ஒப்படைக்காமல், விலக்கு பெற்றுத் தானே ஒரு டிரஸ்ட் வைத்து நடத்துகிற ஆலை. டிரஸ்டில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கும். கையிருப்பில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்கள். வழக்கமாக அவற்றை முதிர்வு வரை வைத்திருப்பார்கள் என்பதால் நடுவில் விலை ஏறினாலும் இறங்கினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. இந்த முறை கவலைப்பட வேண்டியதாகிவிட்டது. வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஒரே நேரத்தில் சிலர் வெளியேறுகிறார்கள், 2026 ஆகஸ்ட் 10 அன்று அவர்களுக்கு 49 லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டும். (ஆலையும் எண்களும் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. பத்திரக் கணக்கின் விதிகள் சந்தையில் இருப்பவைதான்.)

விற்க எடுத்து வைத்திருப்பது ஒரே பத்திரம். முகமதிப்பு 50 லட்சம், கூப்பன் எனும் ஆண்டு வட்டி 7 சதவீதம், முதிர்வு 2031 ஜூன் 10. நம் அரசுப் பத்திரங்களின் வழக்கப்படி வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 10, டிசம்பர் 10 ஆகிய தேதிகளில் வரும். டிரஸ்ட் கூடிய நாள் 2026 ஜூன் 10. அன்று வட்டி கைக்கு வந்துவிட்டதால், கடைசி வட்டி நாளுக்குப் பின் சேரும் ஒட்டு வட்டி என்று எதுவும் மிச்சமில்லை. சந்தையில் இதற்கு யீல்டு, அதாவது இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் வருவாய், 7.20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த யீல்டில் 100 ரூபாய்க்கு விலை 99.1725, மொத்தம் 49,58,626 ரூபாய். தேவைக்கு மேல் கையில் நிற்பது 58,626.

தொழிலாளர் தரப்பு உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி நேரடியானது: "சார், யீல்டு கால் பர்சன்ட் ஏறினா இதுல எவ்ளோ போவும்? நாப்பத்தொம்போது தேறுமா, தேறாதா?"

டியூரேஷன் என்ற அளவு இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். ஆனால் மேசைக்கு வந்த தாள்கள் நான்கு, அவற்றில் இருந்த விடைகளும் நான்கு: 61,983, 53,310, 49,730, 1,02,916. இரண்டு தாள்படி 49 லட்சம் தேறும், இரண்டு தாள்படி தேறாது. நான்குமே தவறு. ஒவ்வொன்றும் எங்கே சறுக்கியது என்று பார்ப்பதற்கு முன், கணக்கைச் சரியாக ஒருமுறை போட்டுவிடுவோம்.

பத்து வரிசைகள்

ஐந்து ஆண்டு என்றால் பத்து அரையாண்டு. ஒவ்வொரு அரையாண்டும் 100 ரூபாய் முகமதிப்புக்கு 3.50 வருகிறது. பத்தாவதில் அசலும் சேர்ந்து 103.50. யீல்டு 7.20 என்பது ஆண்டுக்கணக்கு, ஆகவே அரையாண்டுக்கு 3.60 சதவீதம். முதல் வரவை 1.036 ஆல் ஒருமுறை வகுக்க வேண்டும், இரண்டாவதை இருமுறை, இப்படியே பத்தாவதைப் பத்து முறை. வகுத்து வருவது அந்த வரவின் இன்றைய மதிப்பு. அதை அந்த வரவின் வரிசை எண்ணால் பெருக்கினால் கடைசிப் பத்தி கிடைக்கும்.

| அரையாண்டு | வரவு | இன்றைய மதிப்பு | அரையாண்டு × இன்றைய மதிப்பு |
|---|---|---|---|
| 1 | 3.50 | 3.378 | 3.378 |
| 2 | 3.50 | 3.261 | 6.522 |
| 3 | 3.50 | 3.148 | 9.443 |
| 4 | 3.50 | 3.038 | 12.153 |
| 5 | 3.50 | 2.933 | 14.664 |
| 6 | 3.50 | 2.831 | 16.985 |
| 7 | 3.50 | 2.732 | 19.127 |
| 8 | 3.50 | 2.637 | 21.100 |
| 9 | 3.50 | 2.546 | 22.913 |
| 10 | 103.50 | 72.668 | 726.679 |
| கூட்டல் | | 99.172 | 852.964 |

மூன்றாம் பத்தியின் கூட்டல்தான் விலை. நான்காம் பத்தியின் கூட்டலை விலையால் வகுத்தால் 8.6008. இதன் அலகு அரையாண்டு என்பதை இங்கேயே தாளில் எழுதிவிடுவது நல்லது, பாதித் தவறுகள் அதை எழுதாததால் வருகின்றன. இரண்டால் வகுத்தால் 4.3004 ஆண்டு. பிரெடரிக் மெக்காலே 1938-ல் முன்வைத்த டியூரேஷன் இதுதான். நம் பணம் சராசரியாக எத்தனை ஆண்டில் திரும்பி வருகிறது என்று இது சொல்கிறது. சராசரி எடுக்கும்போது எடையாக இருப்பது ஒவ்வொரு வரவின் இன்றைய மதிப்பு.

852.96-ல் 726.68 கடைசி வரிசை ஒன்றிலிருந்தே வருகிறது, அதாவது 85 சதவீதம். மேலே உள்ள ஒன்பது வரிசைகளில் ஒன்றைத் தவறாகத் தட்டினால் விடை கொஞ்சம்தான் நகரும், கண்ணுக்குத் தப்பிவிடும். கடைசி வரிசையில் 103.50-க்குப் பதில் 100 என்று போட்டால் விலையே 96.715 ஆகிவிடும். அதனால் முதலில் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட வேண்டும். விலை ஒத்துவராத தாளில் டியூரேஷனைப் பார்ப்பதே வீண்.

1.036 ஆல் ஏன் வகுக்கிறோம்

மெக்காலே எண் காலத்தின் அளவு. விலை எவ்வளவு அசையும் என்று அது நேரடியாகச் சொல்லாது. அதற்கு அதை இன்னொரு முறை 1.036 ஆல் வகுக்க வேண்டும்: 4.3004 ÷ 1.036 = 4.1510. இதுதான் மாடிஃபைடு டியூரேஷன்.

இந்த வகுத்தலைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறவர்கள் அடுத்த மாதம் மறந்துவிடுகிறார்கள். காரணம் எளிது. ஓர் அரையாண்டு கழித்து 100 ரூபாய் தரும் பத்திரத்தின் விலை 100 ÷ 1.036. அரையாண்டு யீல்டு 0.0001 கூடினால் கீழே 1.0361 ஆகிறது. 1.036 என்ற எண்ணோடு 0.0001 சேர்வது, 1 என்ற எண்ணோடு 0.0001 சேர்வதைவிடச் சற்றுச் சிறிய பங்கு. ஆகவே விலை இறங்குவது 0.01 சதவீதம் முழுசாக இல்லை, அதில் 1.036-ல் ஒரு பங்குதான். பத்து வரவுகளுக்கும் இதே கதை என்பதால் மொத்தத்தையும் ஒரே எண்ணால் வகுத்துவிடலாம். எந்த எண்ணால் என்பதும் இதிலேயே தெரிகிறது: வரவுகளைத் தள்ளுபடி செய்ய எந்த எண்ணைப் பயன்படுத்தினோமோ அதே எண். ஆண்டு யீல்டை வைத்து 1.072 என்று போடக் கூடாது.

இனி விலை மாற்றம்:

```
விலை மாற்றம் ≈ − மாடிஃபைடு டியூரேஷன் × யீல்டு மாற்றம் × சந்தை மதிப்பு
            = − 4.1510 × 0.0025 × 49,58,626
            = − 51,458 ரூபாய்
```

கையில் மிஞ்சுவது 49,07,168. தேறும், ஆனால் ஏழாயிரம் ரூபாய் இடைவெளியில்.

சந்தையில் பேசும் சிறிய அலகு பேசிஸ் பாயின்ட், சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. இங்கே புள்ளி என்றே சொல்வோம். மேலே உள்ள கணக்கையே ஒரு புள்ளிக்குப் போட்டால் 2,058 ரூபாய். டிரஸ்ட் கூட்டத்தில் 4.1510 என்ற எண்ணைச் சொல்வதைவிட "ஒரு புள்ளிக்கு ரெண்டாயிரத்து ஐம்பத்தெட்டு ரூபாய்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். 25 புள்ளி என்றால் அதை 25 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். கடைசி இலக்கத்தில் சில ரூபாய் முன்பின் இருக்கும்.

நான்கு தாள்களும் எங்கே சறுக்கின

தவறான விடையைச் சரியான விடையால் வகுத்துப் பார்த்தால் போதும், தவறு தானே பெயர் சொல்லும். இது அதிகம் பேர் செய்யாத சோதனை.

1,02,916 ÷ 51,458 = 2.00. சரியாக இரண்டு மடங்கு வந்தால் அரையாண்டை ஆண்டாக எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். தாளில் 8.6008 என்று கண்டுபிடித்து, 1.036 ஆல் ஒழுங்காக வகுத்து, இரண்டால் வகுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். இந்தத் தவறைக் கணக்கே போடாமல் பிடித்துவிடலாம். ஐந்தாண்டுப் பத்திரத்தின் டியூரேஷன் ஐந்தைத் தாண்டாது. நடுவில் கூப்பன் எதுவும் தராமல் எல்லாவற்றையும் கடைசியில் தரும் பத்திரத்துக்குத்தான் மெக்காலே எண் ஐந்தைத் தொடும். கூப்பன் தருகிற எதற்கும் அதைவிடக் குறைவு. 8.30 என்ற எண்ணைப் பார்த்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

53,310 ÷ 51,458 = 1.036. தள்ளுபடி எண்ணே அப்படியே விகிதமாக வந்து நிற்கிறது, ஆகவே மெக்காலே எண்ணை வகுக்காமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். இது பெரும்பாலும் எக்செலில் நடப்பது. DURATION என்ற ஃபங்ஷன் மெக்காலே எண்ணைத் தரும். நமக்கு வேண்டியது MDURATION. இரண்டின் உள்ளீடும் ஒன்றே என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது.

```
=PRICE(DATE(2026,6,10),DATE(2031,6,10),7%,7.2%,100,2,0)   → 99.1725
=DURATION(DATE(2026,6,10),DATE(2031,6,10),7%,7.2%,2,0)    → 4.3004
=MDURATION(DATE(2026,6,10),DATE(2031,6,10),7%,7.2%,2,0)   → 4.1510
```

கடைசி 0 என்பது மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று எண்ணும் முறை. நம் அரசுப் பத்திரங்களுக்கு அந்த முறைதான். அதற்கு முன்னுள்ள 2 ஆண்டுக்கு இரண்டு கூப்பன் என்பதற்கு. அங்கே 1 போட்டால் விடை வேறாக வரும், ஆனாலும் நம்பும்படியாகவே இருக்கும். முதல் தேதியில் போட வேண்டியது செட்டில்மென்ட் நாள். அரசுப் பத்திரச் சந்தையில் விற்ற நாளுக்கு அடுத்த வேலை நாளில்தான் பணமும் பத்திரமும் கைமாறும், விற்ற நாளையே போட்டால் கணக்கு ஒரு நாள் பிசகும்.

49,730 ÷ 51,458 = 0.9664. இது 1.036 ÷ 1.072-க்குச் சமம். வகுத்தார்கள், ஆனால் ஆண்டு யீல்டால் வகுத்துவிட்டார்கள். வகுக்க மறந்தவர் நஷ்டத்தைக் கூட்டிச் சொன்னார், இவர் குறைத்துச் சொல்கிறார். டிரஸ்டுக்கு இது மோசமான பக்கம், ஏனென்றால் நஷ்டம் குறைவாகத் தெரியும்போது யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள்.

61,983-க்கு அழகான விகிதம் கிடைக்காது: 1.2045. இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். 61,983-ஐச் சந்தை மதிப்பாலும் 0.0025 ஆலும் வகுத்தால் சரியாக 5 வருகிறது. முதிர்வுக்கு மீதமுள்ள ஐந்தாண்டை அப்படியே டியூரேஷனாக எடுத்துக்கொண்டார்கள். நான்கில் இதுதான் நிஜமாகவே முடிவைத் திசை திருப்பக் கூடியது. இருமடங்கு காட்டிய தாளை யாரேனும் சந்தேகப்படுவார்கள். 61,983 நியாயமான எண்ணாகத் தெரியும். அதை நம்பினால் 49 லட்சம் தேறாது, மூவாயிரத்துச் சொச்சம் குறையும் என்று பயந்து, அவசரப்பட்டு இன்றே விற்றுவிடுவார்கள்.

இந்த மேசைக்கு வராத ஐந்தாவது தவறு ஒன்று உண்டு, வேறு இடங்களில் அடிக்கடி பார்க்கலாம். "யீல்டு கால் சதவீதம் கூடும்" என்றதும் 7.20-ஐ 1.0025 ஆல் பெருக்கி 7.218 என்று வைத்துக்கொள்வது. அது 1.8 புள்ளி மட்டுமே, நஷ்டம் 3,705 ரூபாய்தான் காட்டும். கால் சதவீதம் கூடுவது என்றால் 7.20 என்பது 7.45 ஆவது. புள்ளிக் கணக்கில் பேசினால் இந்தக் குழப்பம் எழவே எழாது.

சரியான விடை சரிதானா

51,458 ஒரு மதிப்பீடு. உண்மை விலையைக் காண யீல்டை 7.45 என்று மாற்றி, பத்து வரிசையையும் மறுபடி தள்ளுபடி செய்ய வேண்டும். விலை 98.1498. இறக்கம் 1.0227, ஐம்பது லட்சத்துக்கு 51,136 ரூபாய். மதிப்பீடு 322 ரூபாய் அதிகம் காட்டியிருக்கிறது. யீல்டு 6.95-க்கு இறங்கினால் விலை 100.2082, லாபம் 51,783. மதிப்பீடு அங்கே 325 குறைத்துக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் பத்திரக்காரருக்கே சாதகம்: நஷ்டம் சொன்னதைவிடக் குறைவு, லாபம் சொன்னதைவிட அதிகம். விலைக்கும் யீல்டுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, கீழ்ப்பக்கம் தொய்ந்த வளைவு. டியூரேஷன் அந்த வளைவைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு. அதனால் வளைவு எப்போதும் கோட்டுக்கு மேலேதான் இருக்கும்.

இந்த இரண்டு விலைகளையும் கொண்டு பின்னோக்கியும் சரிபார்க்கலாம். 100.2082-லிருந்து 98.1498-ஐக் கழித்து, 2 × 99.1725 × 0.0025 ஆல் வகுத்தால் 4.151 வருகிறது. பத்து வரிசை அட்டவணையில் எங்கேனும் பிழை இருந்தால் இந்த எண் ஒத்துவராது. எக்செலை நம்பாதவர்களுக்கும் எக்செலை மட்டுமே நம்புகிறவர்களுக்கும் இந்தச் சோதனையைத்தான் சொல்ல வேண்டும்.

சாதாரண கால்குலேட்டர் போதும் என்கிறவர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி. பத்திரம் சரியாக 100-க்கு விற்கும்போது, அதாவது கூப்பனும் யீல்டும் ஒன்றாக இருக்கும்போது, மாடிஃபைடு டியூரேஷன் என்பது ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் அரையாண்டுத் தவணையில் வரும் வரவின் இன்றைய மதிப்புக்குச் சமம். நம் யீல்டில் அதைப் போட்டால், 1-ஐ 1.036 ஆல் பத்து முறை வகுத்து வரும் 0.7021-ஐ 1-லிருந்து கழித்து, 0.072 ஆல் வகுக்க வேண்டும்: 4.137. நம் பத்திரம் 100-க்குச் சற்றுக் கீழே விற்பதால் 4.151-லிருந்து கொஞ்சம் விலகுகிறது. நான்கு தாள்களையும் தூக்கி எறிய இந்த நெருக்கமே போதும், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே போட்டுவிடலாம்.

இனி, எவ்வளவு பெரிய நகர்வு வரை இதை நம்பலாம்? 25 புள்ளிக்குப் பிழை 322 ரூபாய். 100 புள்ளி ஏறினால் மதிப்பீடு 2,05,831, உண்மை 2,00,746, பிழை 5,085. நகர்வு நான்கு மடங்கானதும் பிழை ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது, வர்க்கத்தில் வளர்கிறது. அந்த வர்க்கப் பகுதிதான் கான்வெக்ஸிட்டி. இந்தப் பத்திரத்துக்கு அது 20.90. அதில் பாதியை 0.01-ன் வர்க்கத்தாலும் சந்தை மதிப்பாலும் பெருக்கினால் 5,181 வருகிறது. அதைக் கழித்தால் நஷ்டம் 2,00,650, உண்மைக்கு நூறு ரூபாய்க்குள். ஆனால் 25 புள்ளிக் கேள்விக்கு இதையெல்லாம் இழுத்து வர வேண்டிய அவசியம் இல்லை. 322 ரூபாய்க்காக ஒரு பத்தி கூட்டுவது கணக்கைக் குழப்பத்தான் பயன்படும்.

ஆகஸ்ட் 10 என்பதைத் தாள்கள் மறந்தன

நான்கு தாள்களும், மேலே போட்ட சரியான கணக்கும் சேர்ந்தே, கேள்வியின் ஒரு பாதியைத் தவறவிட்டன. பணம் வேண்டியது ஜூன் 10 அன்று இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 10. 51,458 என்பது யீல்டு இந்த நிமிடமே ஏறினால் என்ன ஆகும் என்பதற்கான விடை.

இரண்டு மாதத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. வட்டி சேர்கிறது: 60 நாளுக்கு 100 ரூபாய்க்கு 1.1667. டியூரேஷன் குறைகிறது, கூப்பன் நாள் குறுக்கிடாதவரை மெக்காலே எண் நாளுக்கு நாள் அப்படியே கழிந்துகொண்டு வரும். 4.3004-லிருந்து 60/360 போனால் 4.1337, அதை 1.036 ஆல் வகுத்தால் 3.9901.

யீல்டு 7.20-லேயே நின்றால் ஆகஸ்ட் 10 அன்று வாங்குபவர் கையிலிருந்து வரும் மொத்தத் தொகை 100 ரூபாய்க்கு 100.3486. திரையில் தெரியும் விலை இது இல்லை. நம் சந்தையில் விலையை ஒட்டு வட்டி நீக்கித்தான் சொல்வார்கள், அதனால் திரையில் 99.1819 என்று தெரியும். 1.1667 அதன் மேல் தனியாகச் சேர்ந்து வரும். இங்கேதான் அடுத்த சறுக்கல் காத்திருக்கிறது. டியூரேஷனைப் பெருக்க வேண்டியது முழுத் தொகையோடு. திரை விலையோடு பெருக்கினால் 25 புள்ளிக்கு 49,468 வரும். சரியான விடை 50,050. வித்தியாசம் 582 ரூபாய், நாம் கண்டுகொள்ளாமல் விட்ட கான்வெக்ஸிட்டியைவிட அதிகம். ஜூன் 10 அன்று இந்தத் தவறு தெரிந்திருக்காது, ஏனென்றால் அன்று இரண்டு விலையும் ஒன்றே. கூப்பன் நாளில் மட்டும் தாளைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

இப்போது கேள்விக்கு முழு விடை. ஐம்பது லட்சத்துக்கு ஆகஸ்ட் 10 அன்று, யீல்டு நகராவிட்டால், 50,17,429. 25 புள்ளி ஏறினால் 49,67,379. கையில் மிஞ்சுவது ஏழாயிரம் இல்லை, 67 ஆயிரம். அந்த நாளில் ஒரு புள்ளியின் விலை 2,002 ரூபாய். 49 லட்சத்துக்கு மேல் இருக்கும் 1,17,429-ஐ அதனால் வகுத்தால் 58 வருகிறது. யீல்டு 7.78 அளவுக்கு ஏறினால்தான் 49 லட்சத்துக்கு ஆபத்து. இன்றே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 49,58,626-க்குக் கீழே இறங்குவதற்கும் 29 புள்ளி ஏற வேண்டும். இரண்டாவது ஒப்பீட்டில் மட்டும் ஒரு திருத்தம்: இன்றே விற்றால் அந்தப் பணம் இரண்டு மாதம் சும்மா கிடக்காது, வங்கியில் ஏதோ வட்டி தரும். அதைக் கழித்தால் 29 கணிசமாகக் குறையும்.

25 என்ற எண் எங்கிருந்து வருகிறது

டிரஸ்டில் கால் சதவீதம் என்று கேட்டது ரிசர்வ் வங்கி ரெப்போவை அந்த அளவில் மாற்றுவதைப் பார்த்துப் பழகியதால். டியூரேஷன் கணக்குக்குள் போக வேண்டியது ரெப்போ இல்லை, இந்தப் பத்திரத்தின் யீல்டு. இரண்டும் கைகோத்து நடக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 50 புள்ளி குறைத்து 5.50 ஆக்கியது, கூடவே தன் நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது. அடுத்து வந்த வாரங்களில் நீண்ட காலப் பத்திரங்களின் யீல்டு குறையவில்லை, ஏறியது. ரெப்போ இறங்குகிறது என்பதற்காகக் கழித்தல் குறியோடு 50-ஐப் போட்டவரின் தாளில் லாபம் தெரிந்திருக்கும், சந்தையில் நஷ்டம்.

ஐம்பது லட்சத்தை விற்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசுப் பத்திரச் சந்தையில் வழக்கமான பேரம் 5 கோடி ரூபாய். அதற்குக் கீழே எல்லாம் சில்லறை லாட். திரையில் தெரியும் யீல்டு பெரிய லாட்டுக்கு உரியது. சில்லறை லாட்டை வாங்குபவர் சற்று அதிக யீல்டு கேட்பார், அதாவது குறைந்த விலை கொடுப்பார். அவர் 5 புள்ளி கூடக் கேட்டால், ஆகஸ்ட் கணக்கில், 10 ஆயிரம் ரூபாய் போய்விடும். கான்வெக்ஸிட்டியும் திரை விலைப் பிழையும் சேர்ந்தாலும் ஆயிரத்தைத் தொடவில்லை. விற்கும் முன் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பதில் கிடைப்பது, நாலாவது தசம இலக்கத்தைத் துரத்துவதில் கிடைப்பதைவிட அதிகம்.

டிரஸ்டின் கையில் வேறு பத்திரங்களும் இருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே டியூரேஷன் கேட்டால், ஒவ்வொன்றின் மாடிஃபைடு டியூரேஷனையும் அதன் சந்தை மதிப்பை எடையாக வைத்துச் சராசரி எடுக்கலாம். அந்தச் சராசரி வேலை செய்வது எல்லா யீல்டும் ஒரே அளவு நகர்ந்தால்தான். இரண்டாண்டுப் பத்திரத்தின் யீல்டு இறங்கி, முப்பதாண்டுப் பத்திரத்தின் யீல்டு ஏறினால் அந்த ஒற்றை எண் எதையும் சொல்லாது. அப்போது ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியாக ஒரு புள்ளியின் விலையை எழுதி, அதனதன் நகர்வால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

கூட்டக் குறிப்பில் கடைசியில் ஏறிய வரி இது: "ஆகஸ்ட் 10 செட்டில்மென்டுக்கு ஒரு புள்ளி 2,002 ரூபாய். யீல்டு 7.60-ஐத் தாண்டினால் தலைவருக்குச் சொல்லவும். விற்பனைக்கு ஆகஸ்ட் 7 வெள்ளிக்கிழமையே விலை கேட்கவும்." 7.78 வரை இடம் இருக்கும்போது 7.60 என்று வைத்தது சில்லறை லாட்டில் போகும் புள்ளிகளுக்கும், முடிவெடுக்க ஆகும் ஓரிரு நாளுக்கும். ஆகஸ்ட் 10 திங்கட்கிழமை, அன்று பணம் கைக்கு வர வேண்டுமானால் முந்தைய வேலை நாளிலேயே பேரம் முடிந்திருக்க வேண்டும்.